"திருட்டா, இல்லையா?" என்று கேட்காமல் "எப்படிச் சரிசெய்வாய்?" என்று கேளுங்கள்

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாமாண்டு மாணவர்கள் அசைன்மென்ட் முழுவதையும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். "பிளேஜியரிசம் என்றால் என்ன?" என்று தேர்வில் கேட்டால் மட்டும் அழகாக விடை எழுதிவிடுகிறார்கள். சிறு சிறு பத்திகளைக் கொடுத்து ஒரு வினாடி வினா வைக்கலாம் என்று இருக்கிறேன். எப்படித் தயாரிப்பது? இணையத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சாஃப்ட்வேரில் 10 சதவீதம் வரை ஒற்றுமை வரலாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடலாமா?

பதில்:

வணக்கம் மேடம். பத்திகளைக் கொடுத்துக் கேட்பதுதான் சரியான வழி. அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் தேர்வு இந்த முறையில்தான் பல ஆண்டுகளாக ஓடுகிறது. ஒரு பக்கம் மூலப் பத்தி, இன்னொரு பக்கம் மாணவர் எழுதியது. சொல்லுக்குச் சொல் எடுத்ததா, மாற்றி எழுதித் திருடியதா, திருட்டே இல்லையா என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடாமல் விடை சொல்ல முடியாது என்பதுதான் அதன் பலம். வரையறைக் கேள்விக்கு அந்த வேலை இல்லை. மனப்பாடம் செய்தவர் எழுதிவிடுவார்.

நானும் கல்லூரி நூலகத்தில் புதிய மாணவர்களுக்கு இப்படித்தான் பயிற்சி நடத்துகிறேன். ஆனால் விடைகளை மட்டும் வேறு மாதிரி வைத்துக்கொள்கிறேன். "இது திருட்டா?" என்று கேட்டால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பயத்தில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" போட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் "இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கும் முன் குறைந்தபட்சம் என்ன செய்தால் போதும்?" என்று கேட்கிறேன். விடைகள் நான்கு. ஒன்றும் செய்ய வேண்டாம். மேற்கோள் குறி போட வேண்டும். யார் சொன்னது என்று சான்று காட்ட வேண்டும். மூலத்தை மூடி வைத்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். சில பத்திகளுக்கு இரண்டு விடைகள் தேவைப்படும் என்பதால் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க அனுமதியுங்கள். "குறைந்தபட்சம்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லாப் பத்திக்கும் "திரும்ப எழுது" என்பதும் சரியான விடையாகிவிடும்.

இந்த நான்கு விடைகளுக்குப் பின்னால் இருப்பது இரண்டே கேள்விகள். சொற்கள் யாருடையவை? கருத்து யாருடையது? சொற்கள் பிறருடையவை என்றால் மேற்கோள் குறி வேண்டும். கருத்து பிறருடையது என்றால் சான்று வேண்டும். ஒன்றைச் செய்தால் இன்னொன்று தானாக நிறைவேறாது. மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

இனி ஒரு மாதிரி. மூலப் பத்தியை நானே எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்வது நல்லது. பிறர் பத்தியை எடுத்துப் போட்டால் வினாத்தாளிலேயே அதன் சான்றைக் காட்ட வேண்டியிருக்கும். சான்று காட்டாத வினாத்தாளில் சான்று பற்றிக் கேள்வி கேட்டால் கடைசி பெஞ்சில் ஒருவன் கண்டுபிடித்துவிடுவான். ஆசிரியர் பெயர் வர வேண்டிய இடத்தில் "மூல ஆசிரியர்" என்றும், ஆண்டுக்கும் பக்கத்துக்கும் ஏதோ ஓர் எண்ணும் போட்டிருக்கிறேன்.

மூலப் பத்தி: "சீமைக் கருவேலம் இந்த மண்ணின் மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட பகுதிகளிலிருந்து, விறகுப் பற்றாக்குறையைத் தீர்ப்பதற்காக, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேலியாகவும் விறகாகவும் பயன்பட்ட இந்த மரம், கண்மாய்களுக்குள்ளும் தரிசு நிலங்களுக்குள்ளும் புகுந்து மற்றச் செடிகளை வளரவிடாமல் செய்தது. ஆனாலும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுவே வருமானம். மரத்தை அகற்றும் திட்டம் எதுவும், அந்தக் குடும்பங்களுக்கான மாற்றுத் தொழிலையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் பாதியில் நின்றுவிடும்."

ஐந்து வாக்கியங்கள் போதும். இதைவிட நீண்டால் மாணவர் ஒப்பிடுவதை விட்டுவிட்டு ஊகிக்க ஆரம்பித்துவிடுவார். பொருளும் அவர்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும். பொருளே புரியாத பத்தியைக் கொடுத்தால் நீங்கள் சோதிப்பது வாசிப்புத் திறனாகிவிடும்.

முதல் பத்தி இப்படி இருக்கட்டும்:

"வறண்ட மாவட்டங்களின் பெரிய சிக்கல் சீமைக் கருவேலம். மரத்தை அகற்றும் திட்டம் எதுவும், அந்தக் குடும்பங்களுக்கான மாற்றுத் தொழிலையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் பாதியில் நின்றுவிடும் (மூல ஆசிரியர், 2016, ப. 48)."

ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் இருப்பதால் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று வகுப்பில் நிறையப் பேர் போடுவார்கள். ஆனால் இரண்டாவது வாக்கியம் மூலத்திலிருந்து ஓர் எழுத்து மாறாமல் வந்திருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர், கருத்து யாருடையது என்று மட்டும்தான் சொல்கிறது. வாக்கியத்தை அமைத்தவர் மாணவரே என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆகவே விடை, மேற்கோள் குறி. சான்று ஏற்கெனவே இருக்கிறது. விடை விளக்கத்தில் இதைச் சொல்லும்போது, "அந்தக் குடும்பங்களுக்கான" என்பதில் உள்ள "அந்த" எந்தக் குடும்பங்களைச் சுட்டுகிறது என்றும் கேளுங்கள். மாணவரின் பத்தியில் அதற்கு முன் எந்தக் குடும்பமும் வரவில்லை. எடுத்து ஒட்டிய வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். சாஃப்ட்வேர் இல்லாமல் நாம் கண்டுபிடிப்பதும் இந்த மாதிரி இடங்களில்தான்.

அடுத்தது மிக முக்கியமான பத்தி. வினாடி வினாவில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்:

"சீமைக் கருவேலம் நம் நாட்டு மரம் கிடையாது. அமெரிக்கக் கண்டத்தின் உலர்ந்த பகுதிகளிலிருந்து, எரிபொருள் தட்டுப்பாட்டைப் போக்குவதற்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்தியாவுக்கு எடுத்துவரப்பட்டது. வேலிக்கும் விறகுக்கும் உதவிய இம்மரம், குளங்களிலும் தரிசு நிலங்களிலும் நுழைந்து பிற தாவரங்களை வளரவிடாமல் தடுத்தது (மூல ஆசிரியர், 2016, ப. 48)."

சான்று இருக்கிறது. சொற்களும் மாறியிருக்கின்றன. ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. எங்கிருந்து, எதற்காக, எப்போது, எங்கே என்ற வரிசைகூட மாறவில்லை. மாணவர் செய்ததெல்லாம் "வறண்ட" என்பதை எடுத்துவிட்டு "உலர்ந்த" என்று போட்டதுதான். இதை ஆங்கிலத்தில் பேட்ச்ரைட்டிங் என்கிறார்கள். 1990களில் இதற்கு அந்தப் பெயரைக் கொடுத்து விரிவாக எழுதியவர் ரெபெக்கா மூர் ஹவார்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர். இதை வெறும் மோசடி என்று அவர் ஒதுக்கவில்லை. புதிய துறைக்குள் நுழையும் மாணவர், அந்தத் துறையின் மொழி இன்னும் கைவராத நிலையில் மூலத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் கட்டம் என்றே அவர் வாதிட்டார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நம் மாணவர்களில் பலர் நேர்மையாக உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக மாற்றி, அரை நாள் உழைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். உழைத்ததால் அது தம் எழுத்து என்றும் நம்புகிறார்கள்.

இதற்கு மேற்கோள் குறி போட்டால் போதாதா என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார். கேட்கட்டும். குறி போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மூல ஆசிரியர் "உலர்ந்த பகுதிகள்" என்று எழுதவே இல்லை. அவர் எழுதாததை அவர் வாயில் போட்டது போலாகிவிடும். சொற்கள் அவருடையதாகவும் இல்லை, மாணவருடையதாகவும் இல்லை. எனவே நான்காவது விடைதான் வழி. மூலத்தை மூடிவைத்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். மூடிவைக்கச் சொல்வது ஒப்புக்கு இல்லை. மூலம் கண்ணெதிரே இருக்கும்வரை அதன் வாக்கிய அமைப்பு கையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது பத்தியில் பிழையைத் தலைகீழாக்குங்கள்:

"கருவேல மரங்களை வெட்டிச் சாய்ப்பதோடு அரசின் வேலை முடிந்துவிடாது. அவற்றை எரித்துக் கரி விற்கும் மக்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டாதவரை, எவ்வளவு செலவழித்தாலும் வேலை முழுமை பெறாது என்பதே என் கருத்து."

நடை முழுக்க மாணவருடையது. எந்த மென்பொருளிலும் இது சிவப்பாக வராது. ஆனால் வாதம் மூலப் பத்தியின் கடைசி வாக்கியத்தில் இருப்பது. "என் கருத்து" என்று முடித்திருப்பது கூடுதல் சிக்கல். விடை, சான்று காட்ட வேண்டும் என்பது. பெயரைச் சேர்த்துவிட்டு "என் கருத்து" என்பதை "என்கிறார்" என்று மாற்றினால் பத்தி நேராகிவிடும். மாணவருக்கும் அதே எண்ணம் முன்பே இருந்திருந்தால்? படித்த பிறகு எழுதினால் சான்று காட்டித்தான் ஆக வேண்டும். "நானும் இதையே நினைக்கிறேன்" என்று பக்கத்தில் எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

அடுத்து, சரியாக எழுதப்பட்ட ஒரு பத்தி:

"சீமைக் கருவேலத்தைச் சூழலியல் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது என்பதை மூல ஆசிரியரின் வாதம் காட்டுகிறது. கரி விற்று வாழ்பவர்களுக்கு வேறு வேலை கிடைக்காவிட்டால் அகற்றும் திட்டம் 'பாதியில் நின்றுவிடும்' என்கிறார் அவர் (2016, ப. 48). ஆனால் மாற்றுத் தொழிலை யார் ஏற்பாடு செய்வது என்பதை அந்தப் பத்தி சொல்லவில்லை."

இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். எடுத்த இரண்டு சொற்களுக்குக் குறி இருக்கிறது, கருத்துக்குப் பெயர் இருக்கிறது. மூல ஆசிரியரின் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் "காட்டுகிறது", "என்கிறார் அவர்", "ஆனால்" ஆகிய சொற்களிலிருந்தே தெரிந்துவிடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை. நம் மாணவர்கள் ஒரு நீண்ட பத்தியை எழுதி, அதன் கடைசியில் ஒரே ஒரு சான்றைத் தொங்கவிடுவார்கள். அது கடைசி வரிக்கு மட்டுமா, எட்டு வரிகளுக்குமா என்று யாருக்கும் தெரியாது. "என்கிறார்", "என்று வாதிடுகிறார்" என்று தொடக்கத்திலேயே பெயரைச் சொல்லப் பழக்குங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பொதுவாக அறியப்பட்ட செய்திக்கு இரண்டு ஒற்றை வரிகள் போதும். "சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மரம்." எந்தத் தாவரவியல் புத்தகத்தைத் திறந்தாலும் மறுப்பின்றி இருக்கும் செய்தி என்பதால் இதற்குச் சான்று வேண்டாம். "எங்கள் மாவட்டத்தின் நிலப்பரப்பில் இத்தனை சதவீதத்தை இந்த மரம் பிடித்திருக்கிறது." இதற்கு வேண்டும், யாரோ அளந்து சொன்ன எண் அது. கேள்வியில் உண்மையான எண்ணைப் போடாமல் "இத்தனை" என்றே விடுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் நீங்கள் சான்று தேட வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் செய்திகளை இந்தத் தேர்வில் தவிர்த்துவிடுங்கள். ஒரு துறையில் எல்லாருக்கும் தெரிந்தது இன்னொரு துறையில் புதுச் செய்தியாக இருக்கும். ஆசிரியர்களே ஒத்துப்போகாத கேள்விக்கு முதலாமாண்டு மாணவர் மதிப்பெண் இழக்கக் கூடாது.

தமிழ்வழியில் எழுதும் மாணவர்களுக்கு இன்னொரு பத்தி கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு மூலப் பத்தியைக் கொடுத்து, அதன் நேரடித் தமிழாக்கத்தைச் சான்றில்லாமல் மாணவர் எழுத்தாகக் காட்டுங்கள். "நானே மொழிபெயர்த்தேன், ஆகவே என்னுடையது" என்பது இங்கே பரவலான நம்பிக்கை. மொழிபெயர்த்தவர் அவர்தான், சொன்னவர் வேறு ஆள். சான்றும் வேண்டும், மொழிபெயர்ப்பு தன்னுடையது என்ற குறிப்பும் வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்ப்பு என்றால் மேற்கோளாகவே காட்ட வேண்டும். ஆகவே இந்தக் கேள்விக்கு இரண்டாவது, மூன்றாவது என இரண்டு விடைகள். ஒரே மொழியில் சொற்தொடர்களை ஒப்பிடும் சோதனை மொழிபெயர்ப்பைப் பிடிக்காது என்பது மாணவர்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியை விடக் கூடாது.

இப்போது சதவீதம். தயவுசெய்து 10 சதவீதம் வரை வரலாம் என்று சொல்லாதீர்கள். அந்த எண் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கல்வி நேர்மை விதிமுறைகளிலிருந்து வருகிறது. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 10 முதல் 40, 40 முதல் 60, அதற்கு மேல் என்று படிப்படியாகத் தண்டனை கூடும். ஆனால் அந்த விதிமுறையில் "ஸ்கிரிப்ட்" என்று சொல்லப்படுவது முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளையும் வெளியிடப்படும் ஆய்வுக் கட்டுரை, நூல்களையும்தான். அசைன்மென்ட், டெர்ம் பேப்பர், பிராஜெக்ட் ரிப்போர்ட், கட்டுரை, விடைத்தாள் எல்லாம் அந்த வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் முதலாமாண்டு மாணவருக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது. அவருக்கு உங்கள் கல்லூரியோ துறையோ வகுத்த விதிதான்.

விதி ஒருபுறம் இருக்கட்டும், அந்த எண்ணே சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அளக்கிறது. மேலே உள்ள பத்திகளையே பாருங்கள். முதல் பத்தியில் ஒரே வாக்கியம்தான் அப்படியே வந்திருக்கிறது. இருபது பக்க அசைன்மென்ட்டில் அது ஒரு சதவீதம்கூட வராது, ஆனாலும் தவறு. மூன்றாவது பத்தி பூஜ்யம் காட்டும், அதுவும் தவறு. பாதிப் பக்கம் சட்டப் பிரிவை மேற்கோள் குறிக்குள் முறையாகக் கொடுத்த மாணவருக்கு, மேற்கோள்களை விலக்கும் அமைப்பைப் போடாமல் விட்டால் எண் எகிறும், அவர் மேல் தவறே இல்லை. இதையே ஒரு கேள்வியாக வையுங்கள்: "அறிக்கை 6 சதவீதம் காட்டுகிறது. இந்த அசைன்மென்ட்டில் பிளேஜியரிசம் இல்லை என்று சொல்லலாமா?" எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்பதே விடை.

மொத்தம் எட்டுக் கேள்விகள், அரை மணி நேரம் போதும். எட்டில் இரண்டு, மூன்று கேள்விகளாவது எந்தத் திருத்தமும் தேவைப்படாதவையாக இருக்கட்டும். எல்லாமே தவறாக இருந்தால் நான்காவது கேள்விக்குள் மாணவர்களுக்கு வாடை பிடித்துவிடும். சான்று எந்த முறையில் எழுதப்பட வேண்டும், காற்புள்ளி எங்கே, பக்க எண்ணுக்கு முன் "ப." வருமா என்பதையெல்லாம் இந்தத் தேர்வில் கலக்காதீர்கள். உங்கள் ஆங்கிலத் துறை ஒரு முறையையும் வரலாற்றுத் துறை அடிக்குறிப்பையும் பயன்படுத்தலாம். அதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். கூகுள் ஃபார்மில் வைத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் விடை விளக்கத்தை இரண்டு வரிகளில் சேர்த்துவிடுங்கள். அனுப்பியவுடன் விளக்கமும் தெரிந்தால்தான் பயன். ஒரு வாரம் கழித்து மதிப்பெண் மட்டும் வந்தால் எந்தப் பத்தியில் எதற்காகத் தவறினோம் என்பதே மறந்திருக்கும்.

முடிவுகள் வந்த பிறகு மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட எந்தத் தவறான விடையை எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் பத்திக்கு "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பதை நிறையப் பேர் போட்டிருந்தால் மேற்கோள் குறியைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் போட்டவர்கள் கூட்டமாக ஒரே கேள்வியில் மட்டும் தவறினால், அநேகமாகக் கோளாறு உங்கள் கேள்வியில் இருக்கும். சக ஆசிரியர் ஒருவரிடம் விடையை மறைத்துக் கொடுத்துப் பாருங்கள். அவரும் தடுமாறினால் அதை எடுத்துவிடுங்கள்.

மதிப்பெண்ணை இன்டெர்னலில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும், இந்தத் தலைப்பில் அது ரொம்ப அசிங்கம். அதற்குப் பதிலாகத் தேர்வு முடிந்த கையோடு, இரண்டாவது பத்தியைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். மூலப் பத்தியை ஒரு தடவை படிக்கட்டும், தாளைக் கவிழ்த்து வைக்கட்டும், மூன்று வாக்கியங்களில் எழுதட்டும். அப்புறம் தாளைத் திருப்பி, அடுத்தடுத்து நான்கைந்து சொற்கள் ஒத்துப்போகும் இடங்களைத் தாங்களே கோடிடட்டும். "சீமைக் கருவேலம்", "19ஆம் நூற்றாண்டு" போன்றவை ஒத்துப்போனால் கவலை இல்லை, அவற்றுக்கு வேறு சொல் கிடையாது. மற்ற இடங்களில் கோடு விழுந்தால் குறி போடுவதா, மாற்றி எழுதுவதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அசைன்மென்ட் வரும்போது யாருடைய நடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.